கையில் 20 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டவனை என்ன செய்வது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

வியாசர்பாடிப் பக்கம் இரவு 11 மணிக்கு ஒரு வாகனச் சோதனை. பைக்கில் வந்த 20 வயதுப் பையனின் பாக்கெட்டில் ஒரு கஞ்சாப் பொட்டலம் இருக்கிறது. எடை போட்டால் 20 கிராம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். விற்கிறவன் இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நண்பர்களோடு சேர்ந்து இழுக்கிறவன். இதற்கு முன் எந்த கேஸும் இல்லை.

இவன் நான் உண்டாக்கிக்கொண்ட பையன். ஆனால் சென்னையில் எந்த கிரிமினல் வக்கீலைக் கேட்டாலும் இப்படி ஒருவனுக்காக வந்து நின்ற அம்மாவையோ அண்ணனையோ சொல்வார். இவனை என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் இன்று பல வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஜெயில் ஒரு முனை, குற்றமே இல்லை என்பது மறுமுனை. இந்தப் பையனையே ஒவ்வொரு வழியிலும் அனுப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். 20 கிலோவை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திர-ஒடிசா எல்லையிலிருந்து வருகிறவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர் விஷயம் வேறு.

குற்றவியல் ஆய்வாளர்கள் இந்த வழிகளைப் பெரும்பாலும் மூன்று கேள்விகளால் அளக்கிறார்கள். அந்த வழியால் போதைப் பழக்கம் குறைந்ததா? பிடிபட்டவன் மறுபடி குற்றத்தில் மாட்டுவது குறைந்ததா? பிடித்ததால் அவனுக்கு ஏற்பட்ட சேதம், அந்தப் போதையால் ஏற்பட்டிருக்கக்கூடிய சேதத்தைவிடப் பெரிதாகிவிட்டதா? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் இங்கே அதிகம் கேட்பதில்லை.

முதல் வழி: இன்று நடப்பது

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத்தான் ஸ்டேஷனில் என்.டி.பி.எஸ். என்கிறார்கள். 2001-ல் அதைத் திருத்தி, எடையைப் பார்த்துத் தண்டனை என்று மாற்றினார்கள். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. நம் பையனுடைய 20 கிராம் சிறு அளவுக்குள் வருகிறது. பிரிவு 20-ன்படி ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். மாதிரி எடுத்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். சிறு அளவு என்பதால் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகாமல் மாஜிஸ்திரேட்டிடமே விசாரணை முடியும். ஜாமீனும் வணிக அளவு கேஸ் மாதிரி பெரிய மலை இல்லை. அப்புறம் இரண்டு பாதை. ஒன்று, வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவது. இன்னொன்று, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுவது. இரண்டாவது பாதை சுலபமாகத் தெரியும். ஆனால் அது ஒரு தண்டனைத் தீர்ப்பு. அன்றைக்கு அவனுக்குத் தெரியாது, அவன் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று.

கேஸ் நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி தேவை. தமிழ்நாடு காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்தால் இன்னும் மோசம்: சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தால்கூட, கிரிமினல் வழக்கில் தொடர்புடையவர் என்றே பணி விதிகள் எடுத்துக்கொள்கின்றன.

இந்தச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. முதல் முறை மாட்டியவரை நன்னடத்தை உறுதியில் விடுவிக்கும் சட்டம் ஒன்று 1958-லிருந்து இருக்கிறது. என்.டி.பி.எஸ். பிரிவு 33 அதைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது. 18 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது உட்கொண்டதற்கான பிரிவு 27-ல் கேஸ் இருக்க வேண்டும். அதாவது, கஞ்சா இழுத்தான் என்று கேஸ் போட்டால் நன்னடத்தைச் சட்டம் கிடைக்கும். இழுப்பதற்காகப் பையில் வைத்திருந்தான் என்று பிரிவு 20-ல் போட்டால் கிடைக்காது. ஒரே பையன், ஒரே பொட்டலம். எந்தப் பிரிவு என்பதை எழுதுகிற கை தீர்மானிக்கிறது.

சரி, இவ்வளவு கடுமையும் பழக்கத்தைத் தடுக்கிறதா? தண்டனையின் அச்சம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்களில் டேனியல் நேகின் முக்கியமானவர். ஒருவரைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட, மாட்டிக்கொள்வது நிச்சயம் என்ற எண்ணம்தான் என்பது அவர் முடிவு. இதைப் பெரும்பாலான குற்றவியல் ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி கஞ்சாவோ அந்தச் செடியின் பிசினான சரஸோ உபயோகிப்பவர்கள் நாட்டில் சுமார் 1.3 கோடி பேர். எல்லாப் போதைப்பொருளுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பதிவாகும் என்.டி.பி.எஸ். வழக்குகள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டுகின்றன. ஒரு வருஷம் முழுக்க இழுப்பவன் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த நிலையில் தண்டனையை ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு ஆக்கினாலும் வியாசர்பாடிப் பையன் மனதில் அது ஏறப்போவதில்லை.

நாடுகளை ஒப்பிட்டாலும் இதேதான். 2008-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது கஞ்சா உபயோகித்தவர்கள் அமெரிக்காவில் 42 சதவீதம், நெதர்லாந்தில் 20 சதவீதம். கடுமையான சட்டம் இருந்தது அன்றைய அமெரிக்காவில்தான்.

ஆனால் தடையே வீண் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. போதைக் கொள்கை ஆய்வாளர்களான பீட்டர் ரியூட்டரும் மார்க் கிளைமனும் 1980-களிலேயே காட்டியது இது: வியாபாரத்தைத் தடை செய்வது அந்தச் சரக்கின் மீது ஒரு பெரிய வரி போட்ட மாதிரி. விலை ஏறுகிறது, கிடைப்பது குறைகிறது. பின்னாளில் ரியூட்டரும் ராபர்ட் மெக்கோனும் சேர்ந்து நெதர்லாந்து அனுபவத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். வைத்திருப்பவரை விட்டுவிட்டதால் அங்கே பழக்கம் கூடவில்லை. கஞ்சாவைப் பகிரங்கமாக விற்கும் காஃபி ஷாப்புகள் பெருகி, விற்பனை கண்ணுக்குத் தெரிகிற வியாபாரமாக மாறிய காலத்தில்தான் கூடியது என்றார்கள். ஆகவே விற்பனைத் தடையும் உபயோகிப்பவர் மீதான தண்டனையும் இரண்டு தனி முடிவுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க முடியும். கடையில் வைத்து விற்கலாம் என்ற முழு சட்டபூர்வ வழியை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்காததும் இதனால்தான். அரசே சாராயம் விற்று, அந்த வருமானத்திலிருந்து மீள முடியாமல் நிற்கிற டாஸ்மாக்கைப் பார்த்த ஊர் இது. அந்த யோசனைக்கு இங்கே யாரும் அவசரப்பட வேண்டாம்.

தடையால் வரும் இன்னொரு ஆபத்தையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள்: ஒன்றை இறுக்கினால் பழக்கம் இன்னொன்றுக்கு மாறலாம். சென்னையில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடியாக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மருந்துக்கடை மாத்திரை ரத்தக்குழாய்க்காகச் செய்யப்பட்டதில்லை. அதில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் நரம்பை அடைக்கும், புண்ணாக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள். கஞ்சா வேட்டையின் வெற்றியைப் பிடிபட்ட கிலோ கணக்கில் மட்டும் சொல்லும்போது இந்த மாற்றம் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது வழி: சட்டம் அப்படியே இருக்கட்டும், போலீஸ் விட்டுவிடட்டும்

லண்டனில் லாம்பெத் என்ற பகுதியில் 2001 ஜூலையிலிருந்து ஓராண்டு போல இதைச் செய்து பார்த்தார்கள். கஞ்சா கையில் இருந்தால் பறிமுதல், ஒரு எச்சரிக்கை, வீட்டுக்குப் போகலாம். மிச்சமாகிற நேரத்தை மற்ற குற்றங்களுக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். பின்னர் வந்த ஆய்வு ஒன்றில், மற்ற குற்றங்கள் குறைந்தது தெரிந்தது. அதே சமயம் அந்தப் பகுதியில் கஞ்சா குற்றங்களின் எண்ணிக்கை கூடியதும் தெரிந்தது. கடும் போதைக்கான மருத்துவமனைச் சேர்க்கைகள் ஆண்களிடையே கூடியதாக இன்னொரு ஆய்வும் உண்டு. கலவையான பலன்.

நம் ஊருக்கு இந்த வழி சட்டப்படியே திறக்கவில்லை. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தது தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்.டி.பி.எஸ். குற்றங்கள் எல்லாமே அந்த வகை. எனவே வியாசர்பாடிப் பையனை இன்ஸ்பெக்டர் நல்ல மனதோடு அனுப்பி வைத்தாலும் அது காகிதத்தில் இல்லாத முடிவு. காகிதத்தில் இல்லாத முடிவை யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்பாவுக்கு யாரையாவது தெரிந்த பையன் போய்விடுவான், தெரியாதவன் உள்ளே போவான். விட்டதற்கு விலை கேட்கவும் இடம் உண்டு. பதிவில்லாத அதிகாரம் அதிகமானால் பாகுபாடும் லஞ்சமும் வரும் என்பது குற்றவியலில் பழைய பாடம். இந்த வழியை நான் ஒதுக்கிவிடுவேன்.

மூன்றாவது வழி: அபராதச் சீட்டு

கேட்டவுடனே எல்லோருக்கும் பிடிக்கும் வழி இது. ஹெல்மெட் இல்லை என்றால் சலான் போடுவது மாதிரி, சிறு அளவுக்கு ஒரு தொகை, கட்டிவிட்டால் குற்றப் பதிவு இல்லை.

தெற்கு ஆஸ்திரேலியா 1987-ல் கஞ்சாவுக்கு இதைக் கொண்டுவந்தது. நடந்தது விசித்திரம். முதல் ஆண்டில் ஏறக்குறைய 6,000 சீட்டுகள். ஆறேழு ஆண்டில் அது ஏறக்குறைய 17,000 ஆனது. கஞ்சா உபயோகம் அப்படி மூன்று மடங்கு கூடியதற்கு ஆதாரம் இல்லை. காரணம் சீட்டு எழுதுவது சுலபமானதுதான். முன்பு ஒருவனைப் பிடித்தால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், எழுதி, கோர்ட்டில் நின்று, பாதி நாள் போகும். அதனால் போலீஸ்காரர் பல பேரை வாய்வார்த்தையாகத் திட்டி அனுப்பிவிடுவார். சீட்டு வந்ததும் அவர்களுக்கும் சீட்டு கிழிந்தது. குற்றவியலில் இதை வலை விரிவது என்கிறார்கள்: மென்மையான தண்டனை, அதுவரை தண்டனையே இல்லாதவர்களையும் பிடித்து உள்ளே இழுக்கும்.

இதோடு முடியவில்லை. சீட்டு வாங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே பணம் கட்டினார்கள். கட்டாதவர்கள் கோர்ட்டுக்குப் போய்க் குற்றவாளி ஆனார்கள். கையில் காசில்லாதவர்தான் பெரும்பாலும் கட்டாமல் விடுவார். பணம் இருப்பவனுக்குக் குற்றம் மறைந்தது, இல்லாதவனுக்கு முன்பைவிடச் சுலபமாக வந்தது.

ஆனால் இதே ஆஸ்திரேலியாவில் சைமன் லென்டனும் கூட்டாளிகளும் செய்த ஒப்பீடு ஒன்றுதான் என்னை மிகவும் பாதித்தது. முதல் முறை பிடிபட்டவர்களில், தெற்கு ஆஸ்திரேலியாவில் சீட்டு வாங்கியவர்களையும் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோர்ட்டில் தண்டனை பெற்றவர்களையும் விசாரித்தார்கள். இரு பக்கமும் பெரும்பாலானவர்கள் கஞ்சா உபயோகிப்பதை மாற்றிக்கொள்ளவே இல்லை. வித்தியாசம் வாழ்க்கையில்தான். தண்டனை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேலை விஷயத்தில் அடிபட்டிருந்தார். சீட்டு வாங்கியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம். பழக்கத்தை மாற்றாத ஒரு தண்டனை வேலையை மட்டும் பறிக்கிறது என்றால் அதை எதற்காக வைத்திருக்கிறோம்?

ஆக, பதிவு இல்லாமல் போவது நல்லது. அபராதம் அதற்குச் சரியான வாகனம் இல்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இந்த வழியை இன்னும் பெரிதாகச் செய்து, திரும்பிப் போனது. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து ஹெராயின் உட்பட எல்லாப் போதைப்பொருளிலும் சிறு அளவுக்கு 100 டாலர் சீட்டு மட்டும். ஒரு உதவி எண்ணை அழைத்து உடல்நல மதிப்பீடு செய்துகொண்டால் அந்த 100 டாலரும் தள்ளுபடி. சீட்டைக் கட்டாவிட்டால் என்ன? ஒன்றும் இல்லை. எனவே அந்த எண்ணை அழைத்தவர்கள் மிகச் சொற்பம். சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பெருந்தொகை களத்துக்கு வந்து சேர மாதக்கணக்கில் தாமதம். அதே சமயத்தில் ஃபென்டனில் என்ற செயற்கை மருந்து அந்தக் கடலோரத்தில் பரவி, சாவுகள் கூடின. 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கினார்கள்.

சாவுகளுக்குச் சட்டம்தான் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஒன்று ஆம் என்றது. ஃபென்டனில் வந்துசேர்ந்த காலத்தைக் கணக்கில் எடுத்த பின்னாளைய ஆய்வு, சட்டத்துக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. பின்னதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் சீட்டுக்கும் சிகிச்சைக்கும் இடையே ஒரு மனிதர் இல்லாமல் ஒரு போன் நம்பரை மட்டும் வைத்தது தோற்றுப்போனது என்பதில் சண்டையே இல்லை.

நான்காவது வழி: குற்றம் இல்லை, ஆனால் வந்து உட்கார்ந்து பேசு

போர்ச்சுகலில் அந்த மனிதர் இருக்கிறார். 2001 ஜூலை 1 முதல் அங்கே 10 நாள் தேவைக்குள் வைத்திருப்பது கிரிமினல் குற்றம் இல்லை. கஞ்சாவுக்கு அந்த அளவு 25 கிராம், ஹெராயினுக்கு 1 கிராம். நம் பையனின் 20 கிராம் இதற்குள் வரும். பொட்டலத்தைப் பறிமுதல் செய்வார்கள். 72 மணி நேரத்துக்குள் மூவர் குழு முன் வர வேண்டும். சட்டம் படித்த ஒருவர், மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து மற்றவர்கள். கூண்டு இல்லை, மேசைதான். எப்போதிருந்து, எவ்வளவு, எதற்காக, வீட்டில் என்ன நிலைமை என்று கேட்கிறார்கள். அடிமையாகவில்லை, முதல் முறை என்றால் நடவடிக்கையை நிறுத்தி வைத்துவிடுவார்கள்; அந்தக் காலத்துக்குள் மறுபடி வராவிட்டால் முடிந்தது. அடிமையானவர் என்றால் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் அவருக்கும் நிறுத்திவைப்பு. அடிமையானவருக்கு அபராதம் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா தவறவிட்டது இந்த ஒரு வரியைத்தான்.

பலன் என்ன? கெய்ட்லின் ஹியூஸும் அலெக்ஸ் ஸ்டீவன்ஸும் 2010-ல் குற்றவியல் இதழ் ஒன்றில் எழுதியது இன்றும் நம்பகமான மதிப்பீடு. பெரியவர்களிடையே உபயோகம் சிறிது கூடியது. அக்கம்பக்கத்து ஸ்பெயின், இத்தாலியிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளிடையேயும், கடுமையான பழக்கத்திலும் குறைவு. போதை தொடர்பான குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர்களின் பங்கு 1999-ல் 44 சதவீதம், 2008-ல் 21. ஊசி போடுவோரிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று பெரிய அளவில் குறைந்தது.

2012-ல் அவர்களே இன்னொரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. போர்ச்சுகலை ஒரு சாரார் அற்புதம் என்றும் இன்னொரு சாரார் பேரழிவு என்றும் மேடைக்கு மேடை பேசினார்கள். இரு பக்கமும் தனக்கு வசதியான வருஷங்களையும் எண்களையும் பொறுக்கி எடுத்திருப்பதை அவர்கள் வரிவரியாகக் காட்டினார்கள். போர்ச்சுகலை எடுத்துப் பேசும் நம்மவர்களும் அதைப் படிக்க வேண்டும். அங்கே சட்டம் மாறியதோடு ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் மருந்து கொடுக்கும் சிகிச்சையும் சுத்தமான ஊசி வழங்குவதும் சேர்ந்தே பெருகின. பலனில் எவ்வளவு பங்கு சட்டத்துக்கு, எவ்வளவு சிகிச்சைக்கு என்று பிரிப்பது கடினம். 2012-க்குப் பிறகு நிதியும் நிர்வாகமும் சிதறியபோது சிகிச்சை மெலிந்தது என்ற புகார் அங்கேயே எழுந்தது. மேசை மட்டும் இருந்தால் போதாது, அதன் பின்னால் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும்.

சென்னைக்கு எது பொருந்தும்?

நம் சட்டத்திலேயே ஒரு சிறிய கதவு இருக்கிறது. பிரிவு 64ஏ: போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் இருந்தால், தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு வந்தால் அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது. நல்ல பிரிவு. ஆனால் அது அடிமையானவருக்கு மட்டும். நம் பையன் அடிமை இல்லை. இந்தக் கதவுக்குள் போக அவன் தன்னை அடிமை என்று ஒப்புக்கொண்டு, ஒரு படுக்கையில் சேர வேண்டும். கேஸ் தப்பிக்க வேண்டும் என்பதற்காக வீட்டாரும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

இது தீங்கு. குற்றவியலில் ஆண்ட்ரூஸும் போன்டாவும் நிறுவிய ஒரு கொள்கை உண்டு: ஆபத்து அதிகமுள்ளவருக்குத்தான் தீவிரமான திட்டம் பலிக்கும், ஆபத்து குறைந்தவரை அதே திட்டத்தில் தள்ளினால் பலன் இல்லை, சில சமயம் நிலைமை மோசமாகும். படிப்பு நின்று, நாள் முழுக்கத் தீவிரப் பழக்கமுள்ளவர்களோடு இருந்து, மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வெளியே வருவான். அங்கே உண்மையிலேயே படுக்கை தேவைப்பட்ட ஒருவர் வெளியே காத்திருப்பார்.

என் தேர்வு இதுதான். விற்பனைத் தடையும் வணிக அளவுக்கான தண்டனையும் அப்படியே இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கான அளவுக்கு மட்டும், எஃப்.ஐ.ஆருக்கு முன்பே, சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு திருப்பிவிடும் பாதை வேண்டும். 2021-ல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகமே இந்தத் திசையில் பரிந்துரைத்ததாகச் செய்திகள் வந்தன. சட்டம் ஒன்றிய அரசுடையது என்பதால் மாநிலம் தனியாக முடிக்க முடியாது, கேட்கவாவது முடியும்.

அந்தப் பாதையில் நம் பையன் எப்படிப் போவான்? ஸ்டேஷனில் எடை போட்டு, பறிமுதல் செய்து, ரசீது கொடுக்கிறார்கள். மூன்று நாளுக்குள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு குழு முன் வர வேண்டும். போதையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தேசிய சட்ட உதவித் திட்டம் ஒன்று 2015-லிருந்தே அந்த ஆணைக்குழுக்களிடம் இருப்பதால் இதற்குப் புது அலுவலகம் கட்ட வேண்டியதில்லை. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் போதைப் பழக்கத்தின் ஆபத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் கேள்வித்தாளை வைத்து எட்டுக் கேள்விகள் கேட்கிறார். கஞ்சாவுக்கு 3 வரை மதிப்பெண் என்றால் ஆபத்து குறைவு, 4 முதல் 26 வரை நடுத்தரம், 27-ம் அதற்கு மேலும் என்றால் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இழுக்கிற நம் பையன் அநேகமாக நடுத்தரத்தில் நிற்பான். அவனுக்குத் தேவை ஒரு சிறிய, முறையான உரையாடல். இந்த மதிப்பெண்ணை அவன் முன் வைத்து, அது எதைக் காட்டுகிறது, நீ என்ன நினைக்கிறாய் என்று பேசுவது. இந்தக் கேள்வித்தாளும் உரையாடலும் நான்கு நாடுகளில் சோதிக்கப்பட்டபோது இந்தியா, பிரேசில், ஆஸ்திரேலியாவில் உபயோகம் குறைந்தது. அமெரிக்காவில் வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சோதனைக்கு ஆட்கள் வந்தது போலீஸ் வழியாக இல்லை, ஆஸ்பத்திரி வழியாக. பிடிபட்டு வருகிறவனிடமும் அதே அளவு பலிக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

27-ஐ எட்டுகிறவருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ இடம் உறுதியாக இருக்க வேண்டும். இடம் இல்லாமல் சீட்டு மட்டும் கொடுத்தால் அது ஓரிகன்தான். அபராதம் யாருக்கும் கிடையாது. வராவிட்டால் முதலில் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர். உடனே வழக்கு இல்லை.

எடை அளவில்தான் அதிகக் கவனம் வேண்டும். இன்றைய சிறு அளவான 1 கிலோவையே எல்லையாக வைத்தால், 20 கிராம் பையனும் 900 கிராமைப் பொட்டலம் பொட்டலமாக மடித்து விற்கிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். போர்ச்சுகலின் எல்லையைப் போல் 40 மடங்கு அது. நமக்கு 25 கிராமோ 50 கிராமோ தனியாக ஒரு அளவு வேண்டும். அதற்குள் இருந்தாலும் பொட்டலங்களாகப் பிரித்து, எடை மெஷினோடு பிடிபட்டால் விற்பனையாகக் கருதலாம். 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலவையின் மொத்த எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதால், ஹெராயின் போன்றவற்றுக்கு இந்த அளவைத் தனியாக யோசிக்க வேண்டும். தெருவில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி வேறு கலப்படம்.

அப்புறம் வலை விரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாதை தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போட்ட சிறு அளவு கேஸ்களின் எண்ணிக்கையை முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கிய பின், திருப்பிவிட்டவர்களையும் கேஸ் போட்டவர்களையும் கூட்டினால் பழைய எண்ணிக்கைக்கு அருகில் வர வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை இரண்டு மூன்று மடங்கானால், முன்பு சும்மா விட்டவர்களையெல்லாம் இழுத்து வருகிறார்கள் என்று அர்த்தம். கேஸ் எண்ணிக்கை அப்படியே நின்று திருப்பிவிடல் மட்டும் கூடினால், வியாசர்பாடிப் பையனுக்குக் கேஸும் அடையாற்றுப் பையனுக்கு மேசையும் என்று பிரிகிறதா என ஸ்டேஷன் வாரியாகப் பார்க்க வேண்டும். இந்த எண்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிடும் கடமையையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவை வெளியே வராது.